திரையில் தெரியும் வெற்றியும் தெரியாத கணக்கும்

 

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கின்றார். கணவர் வெளிநாட்டில் பணிபுரிகின்றார். மூத்த மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். இரவு ஒரு மணி வரை கைப்பேசியும் கையுமாக இருக்கும் அவன் என்னதான் பார்க்கின்றான் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தாராம். வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பொத்தானை அழுத்துகின்றார். கனிகளும் மணிகளும் வரிசை வரிசையாய்ச் சுழன்று நிற்கின்றன. திடீரென்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கூச்சலிடுகின்றார். இது சூதாட்டமல்லவா என்று கேட்ட தாய்க்கு மகன் தந்த விடை: "நான் ஆடவில்லை உம்மா, பார்க்கத்தான் செய்கிறேன். நேற்று இவர் ஒரே தட்டில் ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். நேரடி ஒளிபரப்பு, இதில் பொய் காட்ட முடியாது." பின்னர் தேர்வுக் கட்டணத்திற்கென்று கொடுத்த பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கணக்கு வரவில்லை. "அந்த வெற்றியெல்லாம் பொய் என்று நீங்கள் எழுதுங்கள்; அவனிடம் காட்டுகிறேன்" என்று முடித்திருக்கின்றார்.

சகோதரி விரும்பியபடி எழுத நம்மால் இயலவில்லை. ஏனெனில் அவர் மகன் கண்ட வெற்றி பெரும்பாலும் பொய்யாக இராது. பொய் என்று நாம் சொன்னால், அது பொய்யன்று என்பதற்கு அவன் நூறு படங்களைக் காட்டுவான். வாதத்தில் நாம் தோற்போம். சூது ஹராம் என்பதும் அவனுக்கு மதரஸாவில் ஓதிய நாளிலிருந்தே தெரிந்த செய்திதான். அவன் மனத்தில் நிற்பது வேறொரு வினா. கண்ணெதிரே ஒருவர் வெல்கின்றாரே, எனக்கு ஏன் கிட்டாது என்பதே அது. இதற்குக் கணக்கினால்தான் விடை கூற வேண்டும். அக்கணக்கை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், படம் காட்டுபவர் யார் என்பதை அறிய வேண்டும். இத்தொழிலின் தொடக்க காலத்து வழக்கு ஒன்று இதற்கு நல்ல சான்று. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்பது துப்பாக்கியால் சுட்டு விளையாடும் கணினி விளையாட்டு. அதில் ஆயுதங்களுக்கு அணிவிக்கும் வண்ண அலங்காரங்களுக்கு 'ஸ்கின்' என்று பெயர். அவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம், பிறருக்கு விற்கலாம். ஆகவே அவற்றையே பணயமாக வைத்துச் சூதாடும் தளங்கள் முளைத்தன. அவற்றுள் ஒன்று 'சி.எஸ்.ஜி.ஓ. லாட்டோ'. ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் கேசல் என்னும் இரு புகழ்பெற்ற யூடியூப் படைப்பாளர்கள் அத்தளத்தில் தாம் ஆடி வெல்வதைப் படமெடுத்துக் காட்டினர். ஐந்தே நிமிடத்தில் 13,000 டாலர் வெல்வது எப்படி என்பது அப்படங்களுள் ஒன்றின் தலைப்பு. புதிதாய் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தவர்களைப் போன்றே அவர்கள் பேசினர். 2016 ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டது. அந்நிறுவனத்தின் தலைவர் மார்ட்டின்; துணைத் தலைவர் கேசல். கடையின் முதலாளியே வாடிக்கையாளர் வேடமிட்டு, "இந்தக் கடையில் எனக்கு நல்ல லாபம்" என்று தெருவில் நின்று கூவியிருக்கின்றார்!

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. சமூக ஊடகப் பிரபலங்கள் மீது தனிப்பட்ட முறையில் அவ்வாணையம் கொண்டுவந்த முதல் வழக்கு இதுவே. ஆணையத்தின் குற்றச்சாட்டில் மற்றொரு செய்தியும் இருந்தது. வேறு பல பிரபலங்களுக்கும் 2,500 டாலர் முதல் 55,000 டாலர் வரை கொடுத்து அத்தளத்தில் ஆடிக் காட்டச் செய்திருந்தனர். தளத்தின் நற்பெயருக்குக் குறை நேரும்படி எதுவும் பேசலாகாது என்பது ஒப்பந்தம். ஆகவே தோற்றவரும் வாய் திறக்க இயலாது. இவ்வளவுக்கும் அவ்விருவருக்கும் கிடைத்தது, இனித் தொடர்பை மறைக்கக் கூடாது என்னும் கட்டளை மட்டுமே. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. அதே 2016 இல், 'சி.எஸ்.ஜி.ஓ. டைமண்ட்ஸ்' என்னும் வேறொரு தளம், தன்னிடம் ஊதியம் பெற்று ஆடிய ஒளிபரப்பாளருக்கு எந்த எண் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததும் அம்பலமாயிற்று.

இவை அப்பட்டமான மோசடிகள். இன்றைய ஒளிபரப்பாளர்கள் பலர் இவ்வளவு தூரம் செல்வதில்லை. "இது விளம்பரதாரர் ஆதரவுடன் நடைபெறுவது" என்று ஓரத்தில் எழுதியே வைத்திருக்கின்றனர். சிக்கலான இடம் இதுதான். எதையும் மறைக்காமல், விளைவுகளைத் திருத்தாமல், நேர்மையாகவே ஆடிக் காட்டினாலும் பார்ப்பவன் ஏமாறுகின்றான். எப்படி?

ஸ்லாட் என்னும் சுழல்பட ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் 'ஆர்.டி.பி.' என்று ஒரு விகிதம் உண்டு. ஆடுவோர் வைக்கும் பணயத்தில் நெடுங்காலச் சராசரியாக எவ்வளவு அவர்களுக்கே திரும்பும் என்பதை அது குறிக்கும். 96 விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் விகிதம். அதாவது நூறு வைத்தால் நான்கு தளத்திற்கு. (ஒரே ஆட்டத்தை 96, 94, அதற்கும் கீழ் எனப் பல விகிதங்களில் தயாரிப்பாளர்கள் விற்பதும் உண்டு, எதை வைப்பது என்பது தளத்தின் விருப்பம். படத்தில் தெரிவதும் நம் கைப்பேசியில் திறப்பதும் பெயரில் ஒன்றாயினும் விகிதத்தில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.) நூற்றுக்கு நான்குதானே என்று இளைஞன் எண்ணுவான். நம்மூர்ச் சீட்டுக் கம்பெனிகூட அதைவிட அதிகம் எடுக்கிறதே என்பான். ஆனால் அந்த நான்கு, கொண்டுவந்த பணத்திற்கு அன்று; ஒவ்வொரு சுழற்சியிலும் வைக்கும் பணயத்திற்கு. அதே பணம் திரும்பத் திரும்பப் பணயமாகின்றது. ஒவ்வொரு முறையும் நான்கு கழிகின்றது.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆட்டத்தின் விகிதம் 96. சிறு சிறு பரிசுகளின் வழியே நூற்றுக்கு 76 திரும்புகின்றது என்போம். மீதி 20, 'பெரும் பரிசு' ஒன்றில் அடங்கியிருக்கின்றது. அப்பரிசு பணயத்தைப் போல் ஆயிரம் மடங்கு. ஆனால் சராசரியாக ஐயாயிரம் சுழற்சிக்கு ஒருமுறைதான் வரும். திரையில் அவர் கூச்சலிடுகின்றாரே, அது இப்பரிசுக்காகத்தான்.

ஒளிபரப்பாளர் சுழற்சிக்கு 100 டாலர் வைக்கின்றார். ஆறு நொடிக்கொரு சுழற்சி, மணிக்கு 600. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், மாதத்தில் 25 நாள் உட்காருகின்றார். மாதத்திற்கு ஒன்றரை லட்சம் சுழற்சிகள். ஐயாயிரத்திற்கு ஒன்று என்றால் முப்பது பெரும் பரிசுகள்! ஒவ்வொன்றும் ஒரு லட்சம் டாலர். நாளுக்கு ஒன்றுக்கு மேலாகவே வந்துவிடுகின்றது. அந்த முப்பது தருணங்களையும் அரை நிமிடத் துணுக்குகளாக வெட்டிப் பரப்புவர். துணுக்குகளைக் கூட்டிப் பார்த்தால் முப்பது லட்சம் டாலர் வெற்றி. எதிலும் பொய் இல்லை.

அதே மாதத்தில் அவர் வைத்த மொத்தப் பணயம் ஒன்றரைக் கோடி டாலர். அதில் நூற்றுக்கு நான்கு என்றால், எல்லாப் பரிசுகளும் போக அவருடைய நிகர இழப்பு ஆறு லட்சம் டாலர். இந்த ஆறு லட்சம் எந்தத் துணுக்கிலும் இல்லை. இருநூற்றைம்பது மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் கசிந்து போன பணத்தை யார் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள்? "நேரடி ஒளிபரப்பு" என்று மகன் சொன்னது மெய்தான். ஆனால் நேரடியாகப் பத்து மணி நேரமும் அமர்ந்து பார்த்தவன் அல்லன் அவன். பார்த்தது, பிறர் பொறுக்கித் தந்த அரை நிமிடங்களை.

மாதம் ஆறு லட்சம் டாலர் இழப்பவர் எப்படி மறுமாதமும் சிரித்த முகத்துடன் வந்து அமர்கின்றார்? விளம்பரதாரர் ஊதியம் இங்கேதான் நுழைகின்றது. அவருக்குத் தளம் மாதம் பத்து லட்சம் டாலர் கொடுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சத்தை ஆட்டத்தில் விட்டாலும் நான்கு லட்சம் அவருக்கு மிச்சம். தளத்தின் பக்கம் நின்று பாருங்கள்: பத்து லட்சம் கொடுத்தது, அதில் ஆறு லட்சம் ஆட்டத்தின் வழியே அதனிடமே திரும்பி வந்துவிட்டது. வலக்கையால் கொடுத்து இடக்கையால் வாங்கிக்கொண்ட பணம் அது. அப்பணம் திரையில் சுழலும்போது பார்ப்பவனுக்குப் பெருந்துணிச்சலாகத் தெரிகின்றது. ஒரே தட்டில் நூறு டாலர் வைக்கும் வீரமாகத் தெரிகின்றது. உண்மையில் அது கடைக்காரர் தம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து ஆடச் செய்யும் பணம். சில ஏற்பாடுகளில் தளமே ஒளிபரப்பாளரின் கணக்கில் இருப்பை நிரப்பிவிடுகின்றது. அதில் எவ்வளவை வெளியே எடுக்கலாம் என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். திரையில் பச்சை நிறத்தில் ஒளிரும் தொகை அவருடைய சொத்துதானா என்பதைப் பார்ப்பவன் அறிய வழியில்லை.

பத்து லட்சம் என்று நாம் வைத்தது மிகையோ என்று ஐயுற வேண்டாம். ட்ரெயின்ரெக்ஸ் என்னும் புனைபெயரில் ஒளிபரப்புபவர் 2022 அக்டோபரில் தாமே வெளிப்படையாகச் சொன்ன தொகை, பதினாறு மாதங்களுக்கு 36 கோடி டாலர். அன்றைய மதிப்பில் மூவாயிரம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இத்தகையவர் ஒரு சுழற்சியில் இழப்பதற்கும் நம் வீட்டுப் பிள்ளை இழப்பதற்கும் என்ன உறவு? அவருக்கு இழப்பு என்பது தொழில் செலவு. நடிகர் படப்பிடிப்பில் கண்ணாடியை உடைப்பது போன்றது. கண்ணாடியின் விலை தயாரிப்பாளர் கணக்கில்.

இனி அந்த இளைஞனின் கணக்கிற்கு வருவோம். கையில் 2,000 ரூபாய். அதே ஆட்டம், அதே விகிதம். சுழற்சிக்குப் பத்து ரூபாய். பெரும் பரிசு வரும்வரை அவனுக்கு நூற்றுக்கு 76 தான் திரும்பும் என்று பார்த்தோம். ஆகவே சுழற்சிக்குச் சராசரியாக இரண்டு ரூபாய் நாற்பது காசு கரைகின்றது. ஏறத்தாழ 830 சுழற்சியில் கை வெறுமை. மணிக்கு 600 சுழற்சி என்றால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. திரையில் 96 என்று எழுதியிருக்கும். அவன் கையில் படுவது 76. இரண்டும் மெய். ஒளிபரப்பாளர் ஒன்றரை லட்சம் முறை சுழற்றுவதால் 96 ஐத் தொடுகின்றார். எண்ணூறு முறை சுழற்றுபவன் அந்த எண்ணைக் கண்ணால் காண்பதற்குள் பணம் முடிந்துவிடுகின்றது.

எண்ணூற்றுச் சொச்சம் சுழற்சிக்குள் பெரும் பரிசு வரவே வராதா? வரலாம். இருபது இளைஞர் இவ்வாறு அமர்ந்தால் மூவருக்கு வரும். அம்மூவருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய், பதினெழுவருக்கு ஒன்றுமில்லை. இந்த மூவரைப் பற்றித்தான் நாம் பெரிதும் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. தோற்ற பதினெழுவரில் பலர் வெட்கப்பட்டு வாய்மூடி எழுந்துவிடுவர். வென்ற மூவரோ விடுதி அறையில் படத்தைக் காட்டுவர். திரையில் கண்டது மெய்தான் என்று சாட்சியும் சொல்வர். ஒளிபரப்பாளரின் துணுக்கு செய்த வேலையை இனி நண்பனே கூலியின்றிச் செய்வான்.

கூலி இல்லாமலும் போவதில்லை. திரையின் மூலையில் ஒரு சொல் எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். "என் குறியீட்டைப் பயன்படுத்திச் சேருங்கள், கூடுதல் தொகை கிடைக்கும்" என்பார்கள். அது ஏதோ தள்ளுபடிச் சீட்டு என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். அக்குறியீடு, இந்த ஆடுநர் யார் வழியாக வந்தவர் என்பதைத் தளத்திற்குச் சொல்லும் முத்திரை. அவ்வாறு வந்தவர்கள் இழக்கும் பணத்தில் ஒரு பங்கை அழைத்து வந்தவருக்குக் கொடுப்பது இத்தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். கால் பங்கு முதல் பாதியை நெருங்கும் அளவு வரைகூடப் பேசப்படுவதுண்டு. பிள்ளை இழந்த இரண்டாயிரத்தில் கால் பங்கு என்றால் ஐந்நூறு ரூபாய் அந்த வெள்ளைக்காரருக்கு. அவன் வென்றால் அவருக்கு வருவாய் இல்லை. நண்பரைப் போல் சிரித்துப் பேசி, பெயர் சொல்லி விளித்து, "உங்களுக்கும் வாழ்த்துகள்" என்பவருடைய வருமானம் நம் பிள்ளையின் தோல்வியிலிருந்து வருகின்றது.

ட்விட்ச் என்னும் பெரிய ஒளிபரப்புத் தளம் இதை அறியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் இத்தகைய சூதாட்டத் தளங்களுக்கான இணைப்புகளையும் குறியீடுகளையும் அது தடை செய்தது. படம் காட்டுவதை மட்டும் விட்டுவைத்தது. 2022 செப்டம்பரில் ஒளிபரப்பாளர் ஒருவர், சூதாட்ட அடிமைத்தனத்தினால் சக ஒளிபரப்பாளர்களிடமும் ரசிகர்களிடமும் குறைந்தது இரண்டு லட்சம் டாலர் பொய்க்காரணம் கூறிக் கடன் வாங்கியதாக ஒப்புக்கொண்டார். கொந்தளிப்பு எழுந்தது. ஸ்டேக், ரூபெட், ரோல்பிட், டூயல்பிட்ஸ் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி, உரிய உரிமம் இல்லாத ஸ்லாட், ரூலெட், பகடைத் தளங்களை அந்த அக்டோபர் 18 முதல் ட்விட்ச் தடை செய்தது. அத்துடன் ஒழிந்ததா? சில மாதங்களுக்குள் 'கிக்' என்னும் புதிய ஒளிபரப்புத் தளம் தோன்றியது. அதன் பின்னால் நின்றவர்கள் ஸ்டேக் சூதாட்டத் தளத்தை நிறுவியவர்களே. சந்தையில் இடம் தரமாட்டேன் என்றவுடன் சொந்தமாகச் சந்தையையே கட்டிக்கொண்டனர். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளோடு அவற்றை விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியிருக்கின்றது. ஆயினும் கடல் கடந்து ஒருவர் கூச்சலிடும் அரை நிமிடத் துணுக்கு நம் இல்லங்களின் கைப்பேசிக்குள் வருவதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு யோசனை. மகனிடமிருந்து கைப்பேசியைப் பறிக்க வேண்டாம். விடுமுறை நாளொன்றில், அவன் போற்றும் அந்த மனிதரின் முழு ஒளிபரப்புப் பதிவை, துணுக்கை அன்று, இரண்டு மணி நேரம் மட்டும் பழைய கணக்கு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு அவனையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருப்புத் தொகையை மட்டும் பார்க்கட்டும். தொடங்கும்போது எவ்வளவு, பதினைந்து நிமிடத்திற்கொருமுறை எவ்வளவு. இருப்பு சுழியத்தை நெருங்கிய பின் திடீரென்று மீண்டும் நிரம்பினால், அந்த நேரத்தையும் நிரம்பிய தொகையையும் சிவப்பு மையில் எழுதட்டும். அப்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்ததா, பேச்சு தடுமாறியதா என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். பணம் வெளியே எடுக்கப்பட்டு வங்கியிலோ பிற கணக்கிலோ சேர்ந்ததை ஒருமுறையேனும் காட்டினாரா என்பதற்கு ஒரு பத்தி விடட்டும். இறுதியில் தொடக்க இருப்புடன் நிரப்பிய தொகைகளை எல்லாம் கூட்டி, முடிவில் நின்ற இருப்பை அதிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

கணவர் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த நோட்டை மகனே தன் வாப்பாவுக்குப் படித்துக் காட்டட்டும். இரண்டாயிரம் ரூபாயைப் பற்றி அதற்கு முன் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம்.